பஸ் நிற்கவில்லை என்று சொன்னேன்

ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டைத் தாண்டி மாதனூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கிளம்பியவனுக்குத் திரும்பிப் போகும் எண்ணமில்லை. சட்டைப்பையில் ஆபீஸ் கொடுத்த கடிதம் இருந்தது. நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கினேனே தவிர, படிக்கவில்லை. நான் வேலை செய்த இடங்களில் ஆபீஸ் கூப்பிட்டுக் கையெழுத்து கேட்டால் வெளியே போ என்றுதான் அர்த்தம். ஏழாவதோடு படிப்பை விட்டவனுக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

கால் வலித்தபோது ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த மாதம் நான் ஏழு நாள் தாமதம். இருமுறை வாயால் சொல்லியும் திருந்தவில்லை. கம்பெனி பஸ் நிற்காமல் போனதாக நான் சொன்னதால் டிரைவரை விசாரித்திருக்கிறார்கள். இரண்டு நாள் நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டாராம். அந்த இரண்டையும் தாமதக் கணக்கிலிருந்து கழித்திருந்தார்கள். மீதி ஐந்து நாளுக்கு மூன்று நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ஏறும் இடமோ ஷிப்டோ மாற்ற வேண்டுமானால் கேட்கலாம். மறுபடி நடந்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். வேலையை விட்டு நீக்குவதாக ஒரு வரிகூட இல்லை.

ஏழு நாளும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பஸ் எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. நான் சொன்ன பொய்யில் இரண்டு நாளை அந்த மனிதர் உண்மையாக்கிக் கொடுத்திருந்தார்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த எங்கள் பஸ் என்னைப் பார்த்து நின்றது. ஒளிய இடமில்லை.

டிரைவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னாப்பா, நான் நிக்கவே இல்லன்னியாமே. அந்த ரெண்டு நாளு சீக்கிரம் எடுத்தன், சரி. மத்த நாளெல்லாம் ஆரன் அடிச்சிட்டு நிக்கறன், அது யாருக்கு?"

"தூங்கறவரை எழுப்பக்கூடாதுண்ணா, பாவம்" என்றாள் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண். பஸ்ஸே சிரித்தது.

"தூங்கிட்டண்ணா" என்றேன்.

"அத ஆபீஸ்ல எழுதிக் குடு. ஏறு."

மறுநாள் பஸ் வருமுன்பே நின்றேன். பஸ் மேல் தப்பில்லை, ஏழு நாளும் நான் தூங்கிவிட்டேன் என்று எழுதி ஆபீஸ் மேடத்திடம் நீட்டினேன். அவர் படித்து, தேதி போட்டு வாங்கிக்கொண்டார். சொல்லாமல் போன அரைநாளையும் அதன் கீழேயே எழுத வைத்தார். கடிதத்தில் சொன்னதில் மாற்றமில்லை, இனிமேல் நேரத்துக்கு வாருங்கள் என்றார்.

முந்தின நாள் லைன் நின்றுவிடாமல் இருக்க என் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருந்த சூப்பர்வைசர் அவரை மாற்றவில்லை. ஃபினிஷிங்கில் பிசிறு நூல் வெட்ட ஆள் வேண்டும், போறியா என்று கேட்டார். சின்னக் கத்தரியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.