பேரத்துக்கு மசியாத ஏஜென்ட்

பூண்டு வியாபாரத்தில் தலை நரைத்தவன் நான். பேச்சை வைத்தே ஏமாற்றுக்காரனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பூம்பாறையில் ஒரு பேர் உண்டு. அதைப் பரப்பியவனும் நானே.

தங்கை மகன் கோகுல்ராஜுக்குக் கத்தாரில் ஓட்டல் சமையல் வேலை இருப்பதாக மதுரை ஏஜென்ட் ஒருவர் சொன்னார். உண்மைதானா என்று விசாரிக்கும் பொறுப்பைக் குடும்பம் என்னிடம் ஒப்படைத்தது. வாட்ஸ்அப்பில் கேட்டேன். சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் எழுதிய ஒப்பந்தமும் லைசென்ஸ் எண்ணும் உடனே வந்தன. கட்டணம் முப்பதாயிரம், ஜிஎஸ்டி தனி, ரசீது உண்டு.

"பத்தாயிரத்துக்கு முடிங்க" என்று அனுப்பினேன்.

"சட்டம் விதிச்ச உச்சவரம்புங்க. அதுக்கு மேல வாங்க மாட்டோம், குறைக்கவும் முடியாது" என்று பதில் வந்தது.

"ஏலே, ஒரு ரூவாகூட இறங்காதவன் வியாபாரியே இல்ல. திருட்டுப்பய, வேண்டாம்" என்று கோகுல்ராஜிடம் தீர்ப்பு வழங்கினேன்.

"மாமா, ஒங்க பூண்டு நியாயத்துல என் சோலியக் கெடுத்துறாதீங்க" என்ற கோகுல்ராஜ், அரசின் இ-மைக்ரேட் தளத்தில் லைசென்ஸ் எண்ணைத் தேடினான். ஏஜென்ட் பெயர் சரியாக இருந்தது. லைசென்ஸும் நடப்பில் இருந்தது. கத்தார் ஓட்டலுக்கே போன் போட்டும் உறுதி செய்துகொண்டான்.

இப்போது அங்கே சமைக்கிறான். போன வாரம் அந்த ஏஜென்ட் என்னிடம் பூண்டு கேட்டார். விலையைச் சொன்னேன். பேரமே பேசாமல் பணம் அனுப்பிவிட்டார். குறைத்துச் சொல்லி ஏமாந்துவிட்டேனோ என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.