நூற்று நாற்பத்து மூன்று வரிகள்

காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்த சந்திரமதி, பத்தொன்பது வயதில் செங் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் சேர்ந்தாள். குழாய் இணைப்புகளுக்கான வளையங்களை அச்சிலிருந்து உரித்தெடுப்பது அவள் வேலை. பதினேழு வருடத்தில் தரச் சோதனை அறைக்கு வந்துவிட்டாள். எக்செலைப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தே கற்றாள். பைத்தான் நிரல்மொழிக்கு மட்டும் ஆயர் குரோவில் சனிக்கிழமை வகுப்புக்குப் போனாள்.

சோதனை அறையின் எக்செல் கோப்பைப் பல வருடங்களுக்கு முன் எழுதியவர் கலியாணசுந்தரம். இப்போது அவர்தான் மேலாளர். வளையங்களின் ஒவ்வொரு தொகுதிக்கும் நான்கு கடினத்தன்மை அளவுகள். அடுத்த கட்டத்தில் சராசரி. அதற்கடுத்ததில் முழு எண்ணாக்கிய சராசரி. அது அறுபத்து மூன்றோ அதற்கு மேலோ என்றால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்றாகத் தொங்கிய சூத்திரங்களுக்கு மூன்று வருடப் பதிவுகள் பாரமாகி, கோப்பு திறப்பதற்குள் ஒரு கோப்பி குடித்து முடித்துவிடலாம். அதைச் சின்னப் பைத்தான் நிரலாக மாற்றித் தரும்படி அவளிடம் சொன்னார். திங்கட்கிழமை தணிக்கைக்காரர் வருகிறார். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும்.

முப்பது வரியில் எழுதி, போன மார்ச்சின் 1,216 பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். 143 வரிகளில் முழு எண் வேறாக வந்தது. சில பாஸ்கள் ரிஜெக்ட் ஆகியிருந்தன.

எழுந்தாள், ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். நிரலில் சராசரி எடுக்கும் நான்கு வரியும் சரி. பிறகு ஏன்? மாறிய வரிகளை மட்டும் தனியே பிரித்தபோது கிட்டத்தட்ட எல்லாமே அரையில் முடிந்தன. அப்படியும் மனம் ஆறவில்லை, 61.5 இரண்டிலும் 62தானே, 62.5 மட்டும் ஏன் எக்செலில் 63, பைத்தானில் 62? மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே தேடினாள். பைத்தான் அரையை எப்போதும் மேலே தள்ளுவதில்லை. பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகிறது. எக்செல் மேலே தள்ளுகிறது. அரையைக் கூட்டிவிட்டுப் புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டும்படி அந்த ஒரு வரியை மாற்றினாள். எல்லாம் ஒத்துப்போனது, ஒன்றைத் தவிர.

அந்த ஒரு வரியில் அளவுகள் 64, 63, 63, 58. நிரல் சொன்ன சராசரி 62, ரிஜெக்ட். எக்செல் சொன்னது 63.33, பாஸ். கைக் கணக்குப் போட்டாள். நிரல்தான் சரி. 58 இருந்த கட்டத்தின் மூலையில் எக்செல் எச்சரிக்கையாகக் காட்டும் சின்னப் பச்சை முக்கோணம். யாரோ எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டியிருக்கிறார்கள். அதனால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, சராசரியில் சேர்க்காமலே விட்டிருக்கிறது. நிரலோ அதை எண்ணாக மாற்றிக் கூட்டியிருக்கிறது. அந்தத் தொகுதி இரண்டு மாதத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குப் போய்விட்டது.

இனி என்ன செய்வது? எழுத்தாக இருக்கும் எண்களைத் தாண்டிப் போகச் சொன்னால் நிரலும் பாஸ் என்றே சொல்லிவிடும். கேட்டது அதுதான். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கோப்பை எழுதியவரிடம் போய் அவர் கோப்பில் ஓட்டை என்று சொல்லவும் வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்தை இரண்டு முறை சுற்றி வந்தாள். பிறகு உட்கார்ந்து, நிரலை எக்செல் போலவே எழுத்துகளைத் தாண்டவிட்டாள். கூடவே, தாண்டிய ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பட்டியலாக எழுதும்படி மூன்று வரி சேர்த்தாள். மூன்று வருடத்தையும் ஓட்டினாள். ஒன்பது கட்டங்கள். அவற்றால் தவறாக பாஸ் ஆனவை இரண்டு தொகுதிகள்.

பட்டியலை அச்சிட்ட தாளைக் கலியாணசுந்தரத்தின் மேசையில் வைத்தபோது அவர் அதை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ஒரே மாதிரி வருதா, வரலியா?" என்றார் கடைசியில்.

"வருதுண்ணே. தப்பும் அதே மாதிரி வருது. அதான் தனியா எழுதியிருக்கேன்."

"என் கோப்புலயா?"

"ஆமாண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமை தணிக்கை முடியும்வரை பொறுக்கலாமா என்று கேட்டார். அவள் தாளில் இருந்த இரண்டு தொகுதிகளின் மேல் விரலை வைத்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவரே எழுந்து, ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்துவைத்த மாதிரிகள் இருக்கும் அலமாரியின் சாவியை எடுத்தார்.

இரண்டு தொகுதிகளின் மாதிரிகளையும் அன்று மாலையே மறுபடி அளந்தார்கள். ஒன்று தேறியது. மற்றது 61இல் நின்றது. வாடிக்கையாளருக்குக் கடிதம் போனது. பொருத்தாமல் மிச்சமிருந்த வளையங்கள் திரும்பி வந்தன. பொருத்தியவற்றைப் பற்றிப் பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சந்திரமதி வேலையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கசிவு எதுவும் இல்லை என்றார்கள்.

திங்கட்கிழமைத் தணிக்கையில் கலியாணசுந்தரம் தவறைத் தன் பெயரிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அவளிடம் சில நாள் சுருக்கமாகத்தான் பேசினார். புது நிரல் ஜூன் மாதம் வேலைக்கு வந்தது. இப்போது எழுத்தாக வரும் அளவை அது தாண்டிப் போவதில்லை, நின்று, இது எண்ணா என்று கேட்கிறது. முதல் நாளே இரண்டு முறை நின்றது. அது நின்ற வரிகளைக் குறித்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் தட்டச்சு செய்தது என்று பார்க்க சந்திரமதி அளவுகளைப் பதியும் மேசைக்கு நடந்தாள்.