ஸ்கேன் எழுதாத டாக்டர்

போலீஸ் ஓட்டத் தேர்வுக்குத் தயாரானபோது, மாடிப்படி ஏறினாலே முழங்கால் முன்பக்கம் வலித்தது. மடக்கினால் நறநறவென்றது. மூட்டுத் தேய்மானமேதான் என்று முடிவுகட்டினேன். பாளையங்கோட்டை டாக்டரம்மாவோ ஸ்கேன்கூட எழுதவில்லை. எனக்குச் சந்தேகம்.

"சத்தம் கேக்குதே மேடம்?"

"சத்தம் மட்டும் கேட்டா தேய்மானமாயிராது தம்பி. காலையில விறைக்கா? வீங்குதா?"

"இல்ல."

"பஸ்ல ரொம்ப நேரம் மடக்கி உக்காந்தா?"

"உயிர் போகுது."

மூட்டு இடுக்கை அழுத்தினார், வலிக்கவில்லை. முழங்கால் சில்லின் ஓரத்தை அழுத்தியதும் துள்ளினேன்.

"சில்லுக்குப் பின்னாலதான் எரிச்சல். ஒன் வயசுல தேய்மானம் அபூர்வம். ஓட்டத்தக் கொறச்சு, தொடைக்குப் பயிற்சி செய்யி."

"தேர்வுல ஓடலாமா?"

"வலி அடங்கினா பைய ஆரம்பி. வேற டாக்டர்ட்ட போவப் போறேல்லா? அங்கன போனாலும் இதே பயிற்சிதான்."

அன்று மைதானத்துக்குப் போகவில்லை. வீட்டில் காலை நீட்டித் தொடையை இறுக்கினேன், சந்தேகத்தோடுதான்.