சராசரி நூற்று நான்கு

என் கணவர் பூப்பந்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால், மனிதன் ஓய்வெடுப்பதற்காகவே கண்டுபிடித்த ஆட்டம் அது என்று தோன்றும். "அடிக்கிறது கொஞ்ச நேரம், நிக்கிறதுதான் ரொம்ப நேரம். பந்து கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்கணும், இறகை நீவணும், எண்ணிக்கை கேக்கணும். இதுல களைப்பு எங்கருந்து வரும்?" என்பார். நில அலுவலகத்தில் கிராணி, கோப்பு எழுதும் வேலை. நிற்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் சேர்த்துச் சம்பளம் வாங்கிப் பழகியவர்.

நான் பெரியாஸ்பத்திரியில் தாதி. காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் நான் மிசிதான். வீட்டுக்குப் பின்னால் தென்னை மரங்களுக்கு நடுவே மண்ணை இறுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டு ஒரு ஆடுகளம் வைத்திருந்தார்கள். மலாய் நாட்டில் வெள்ளைக்காரர் கொடி இறங்கப்போகிற வருடம் அது. எந்த அலுவலகத்தைப் பார்த்தாலும் சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஒரு பந்தயம். நில அலுவலகத்தின் இரட்டையர் ஆட்டத்துக்கு என் கணவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தார்கள்.

அவர் ஆடலாமா என்பதுதான் கேள்வி. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவர் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. இதயம் நிதானமாக அடித்தால் அந்தக் குறுகிய வாசல் வழியாகவும் இரத்தம் போய்விடும். வேகமாக அடித்தால் போக நேரம் கிடைக்காது. பின்னால் நுரையீரலில் தேங்கும், மூச்சு வாங்கும். எங்கள் வெள்ளைக்கார டாக்டர் கப்பலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அந்த அவசரத்திலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டாத எதையும் செய்யலாம். பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தாதி இருக்கிறாளே" என்று என்னைக் காட்டினார்.

பார்த்துக்கொண்டேன். எங்கள் மேட்ரன் அம்மாள் கற்றுக்கொடுத்த முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல். நோயாளி முதலில் உட்கார வேண்டும். மூச்சு சமனப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கும் சோம்பேறிப் பெண்களை வார்டிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார். ஆகவே ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் கணவர் துண்டால் முகம் துடைப்பார், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார், பிறகு மகாராஜா மாதிரி கையை நீட்டுவார். ஆடும் முன்பு ஒரு தடவை, இடையில் இரண்டு மூன்று தடவை என்று எண்ணினேன். மொத்தத்தையும் கூட்டி வகுத்தது அவர்தான். சராசரி நூற்று நான்கு.

அதோடு விட்டாரா? மறுநாள் என்னோடு தெங்கேரா வரைக்கும் மீன் வாங்க நடந்து வந்தார். மீன்காரர் முன்னாலேயே கையை நீட்டி எண்ணச் சொன்னார். நூற்று எட்டு.

"பாத்தியா? பூப்பந்தைவிட உன்கூட நடக்கிறதுதான் ஆபத்து."

டாக்டரிடம் நூற்று நான்கு என்று சொன்னேன். எப்போது எண்ணியது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. "வெரி குட்" என்றார். நான் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

பந்தயம் நெருங்க நெருங்கப் பயிற்சி சூடு பிடித்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஆடியவர்களில் ஒருவர் பக்கத்துத் தெரு செட்டி. பெயருக்கும் கோயிலுக்கும் நம்மவர், பேச்சு மட்டும் மலாய். என் கணவர் ஸ்மாஷ் அடித்து ஒரு புள்ளி எடுப்பார். உடனே குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவார். அடுத்த புள்ளி முடிந்ததும் மறுபடி நாடா. செட்டி மலாயில் என்னைப் பார்த்துக் கத்தினார்: "அடோய் மிசி, உங்க வீட்டுக்காரருக்கு நாடா இல்லாத சப்பாத்து வாங்கிக் குடுங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அந்த நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டவள் நான். அடிக்கடி அவிழ்கிறதே என்று முடிச்சின் மேல் நூல் வைத்துத் தைத்தும் விட்டிருந்தேன். அது அவிழாது. அவர் அவிழாத முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கீழே மறைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த புள்ளியில் பந்து வலையைத் தாண்டித் தாண்டி வெகு நேரம் போய் வந்தது. விழுந்த மறுகணம் களத்துக்குள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். உட்காரச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் காத்திருக்கவும் இல்லை. மேட்ரன் அம்மாள் மன்னிக்கட்டும், பத்தே விநாடிதான் எண்ணினேன். இருபத்தெட்டு. ஆறால் பெருக்கினால் நூற்று அறுபத்தெட்டு. கையை விடாமல் மேலும் எண்ணினேன். ஒரு நிமிடம் முடிகிற கடைசிப் பத்து விநாடியில் அதே கை இருபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. அதன் பிறகு அவரை பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மேட்ரன் முறைப்படி முழு நிமிடம் எண்ணினேன். நூற்று ஆறு. படுக்கையில் கிடப்பவருக்குச் சரியான முறை அது. ஏறி இறங்கி ஏறும் நாடியை, இறங்கிய பிறகு மட்டுமே பார்த்து, நான் நாள் தவறாமல் நற்சான்று கொடுத்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தொடங்கினார். "ஒரு பத்து விநாடியை வெச்சுக்கிட்டு ஏன் குதிக்கிற? சராசரியாப் பாரு."

"ஏங்க, நாளைக்கு முழுப் பட்டினி போடறேன். மறுநா ரெண்டு நாள் சோத்தையும் ஒரே வேளையில வெக்கிறேன். சராசரி சரியா இருக்கும். வயிறு ஒத்துக்குமா?"

அவர் தைத்த சப்பாத்தைக் காலிலிருந்து இழுத்துக்கொண்டே, "மூச்சு வாங்குறது எனக்குத் தெரியும். சொன்னா நீ நிறுத்திடுவேல்ல?" என்றார். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

டாக்டரிடம் இந்தத் தடவை இரண்டு எண்களையும் சொன்னேன். எதை எப்போது எண்ணினேன் என்பதையும் சொன்னேன். அவர் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு, "இனி நடுவராக இருக்கச் சொல்" என்றார்.

பந்தயத்தன்று என் கணவர் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, சீவிய தலை. நாடா தைத்த அதே சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பதிலாக ஆடியவர் சின்னப் பையன். கடைசிப் புள்ளிகளில் எளிதான பந்தையெல்லாம் வலையில் அடித்துக்கொண்டிருந்தான். நான் நாற்காலிக்குக் கீழே நின்று, தொங்கிய அவர் கையைப் பிடித்தேன். நடுவர் என்பதால் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் புள்ளி எண்ணிக்கையை நிதானமாக அறிவித்தார். விரல்களுக்குக் கீழே வேறு கதை. பந்து உயரே எழும்பும்போதெல்லாம், பையன் மட்டையை ஓங்குவதற்கு முன்பே அந்த நாடி ஓடத் தொடங்கிவிடும். உட்கார்ந்தபடியே அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

பத்து விநாடி எண்ணினேன். பத்தொன்பது.

"நூத்திப் பதினாலு."

"நூத்திருபதுக்குக் கீழதானே?"

"கீழதான்."

"அப்ப விடு, ஆடிட்டு வரேன்" என்றார். கையை விட்டேன்.