டொம்போக்கின் இடது கால்

போலோத் செத்தபோது மீரிம் அழவில்லை. நாற்பதாம் நாள் விருந்துக்குக் குதிரை அறுத்தார்கள், நரின் மலைப்பக்கத்திலிருந்து சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கியது, பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊரே கேட்க ஒப்பாரி வைத்தார்கள். மருமகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாமியார் சாய்ராகானுக்கு அது மகன் போனதைவிடப் பெரிய மானக்கேடாக இருந்தது. "கல்லாடி நீ? ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா உன் சொத்தா குறைஞ்சிடும்?" என்று சமையலறையில் வைத்துக் கேட்டேவிட்டாள். மீரிம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வருகிற கண்ணீரை யாராவது அடக்குவார்களா? வந்தால்தானே.

மறுவாரமே அவள் வேலைக்குத் திரும்பினாள். தலைநகர் பிஷ்கெக்கில் பழைய தையல் ஆலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் அவர்கள் ஸ்டூடியோ. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் எடுக்கிறார்கள். அதில் கதாநாயகன் ஒரு குண்டு ஆட்டுக்குட்டி, பெயர் டொம்போக். டொம்போக்கை நடக்கவும் விழவும் முழிக்கவும் வைக்கிற அனிமேட்டர் மீரிம். அவள் அசைப்பதற்கு ஏற்றபடி அதற்கு எலும்பும் மூட்டும் வைத்து ரிக் செய்து கொடுத்தவன் அவள் புருஷன் போலோத். கல்யாணமாகிப் பிள்ளை பிறக்கவில்லை. ஸ்டூடியோவில் எல்லோரும் டொம்போக்கைத்தான் "உங்க பையன்" என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

ரிக் என்றால் பொம்மலாட்டக் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றுக்குப் பதிலாகக் குட்டியின் உடம்பைச் சுற்றிக் கம்பி வளைத்தது போன்ற கோட்டு வடிவங்கள் மிதக்கும். தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, குளம்புக்கு ஒவ்வொன்று, தரையில் மொத்த உடம்பையும் நகர்த்த ஒரு பெரிய வளையம். இதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அனிமேட்டர் குட்டியைத் தொடுவதில்லை, கன்ட்ரோலைத்தான் பிடித்து இழுக்கிறார். எது எதற்கானது என்று பார்த்தவுடன் தெரியாவிட்டால் நாள் முழுக்கத் தவறான கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போலோத் இதில் கெட்டிக்காரன். வேறு எதில் கெட்டிக்காரன் என்று கேட்டால் சாய்ராகானுக்குத்தான் தெரியும்.

அவன் இடத்துக்கு நூர்சாதா வந்தாள். முப்பதைத் தொடாத வயது, வேகமான கை, வேகமான வாய். தொடரின் அடுத்த பருவத்தில் பாதிக் காட்சிகளை வெளிநாட்டு ஸ்டூடியோ ஒன்று செய்யப்போகிறது, அதனால் எல்லா ரிக்கும் ஒரே முறையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு, நடு உடம்பு மஞ்சள். இரண்டு பக்கமும் ஒரே வடிவம். முக்கியக் கன்ட்ரோல்கள் ஒரு லேயர், அதாவது ஒரு அடுக்கு, காது நுனி வால் நுனி போன்ற நுணுக்கமானவை ஒரு லேயர், முகம் ஒரு லேயர். வேண்டாத லேயரை ஒரு பட்டனைத் தட்டி மறைத்துவிடலாம்.

"அக்கா, டொம்போக்கையும் மாத்தணும். போலோத் அண்ணன் போட்ட வடிவமெல்லாம் போயிடும். கன்ட்ரோலோட பேரும் மூட்டும் அப்படியேதான் இருக்கும், நீங்க செஞ்ச அசைவு ஒண்ணும் கெடாது. உங்களுக்கு… பரவால்லையா?"

"மாத்து," என்றாள் மீரிம்.

நூர்சாதா ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆறுதல் பேச்சு வீணாகப் போயிற்று.

ரிக் ஓரிடத்தில்தான் இருக்கும், எல்லாக் காட்சியும் அதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். அங்கே மாற்றினால் எல்லாக் காட்சியிலும் மாறிவிடும். மறுநாள் காலையில் மீரிம் திறந்தபோது போலோத்தின் கை வளைத்த கோடு ஒன்றுகூட இல்லை. அவள் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அதைப் பார்க்கத் தனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது என்று நூர்சாதா பிறகு சொன்னாள்.

அதன் பிறகுதான் கோளாறு ஆரம்பமானது. டொம்போக் ஓடைக் கல்லில் தாவிப் போகிற காட்சி, பக்கவாட்டுப் பார்வை. முன்கால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும், கன்ட்ரோல்களும் அப்படியே. மீரிம் அருகிலுள்ள காலைத் தூக்கினால் தூரக் கால் தூக்கிக்கொண்டது. திருத்தினாள், பின்கால் பின்னியது. காட்சி மறுபடி செய்யச் சொல்லித் திரும்பி வந்தது. அடுத்ததும் திரும்பி வந்தது. மேய்ச்சல் காட்சியில் குட்டி குடித்துவிட்டு வந்தது போல நடந்தது.

மேற்பார்வை பார்க்கிற கெங்கேஷ், போலோத்தின் பள்ளித் தோழன். திட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"மீரிம், நீ சீக்கிரம் வந்துட்ட. இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருந்திருக்கலாம்."

"வீட்ல என்ன பண்றது அண்ணே, அத்தை மூஞ்சியப் பாத்துட்டு?"

"அதுவும் சரிதான்." அவன் பேனாவை உருட்டினான். "டொம்போக்கை நான் ஓநாயை அசைக்கற தலாய்கிட்ட குடுக்கறேன். நீ பின்னாடி மேயற ஆட்டுக் கூட்டத்தப் பாரு. மனசு சரியானதும் திருப்பி வாங்கிக்கோ."

ஆறு வருஷம் அவள் வளர்த்த குட்டி. இந்தத் தொழிலில் ஒரு முறை கை மாறிய கதாநாயகன் திரும்பி வருவதில்லை, அது அவளுக்கும் தெரியும், கெங்கேஷுக்கும் தெரியும். போலோத்தும் அவளும் சேர்ந்து செய்ததில் உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, "சரி அண்ணே. திங்கட்கிழமை குடுத்துடறேன்," என்று எழுந்து வந்துவிட்டாள். துக்கம் கையைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, கை தவறுகிறதே.

நம்பாதவள் நூர்சாதா ஒருத்திதான். அனுதாபத்தால் அல்ல, ரோஷத்தால். தன் ரிக்கை மாட்டிய மறுநாளே ஒரு நல்ல அனிமேட்டர் தடுமாறினால் பழி யார் தலையில்? வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மீரிம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்க வேலை செய்யுங்க, சும்மா பாக்கறேன்."

"சாப்பிடப் போகலையா?"

"சம்சா பையில இருக்கு. ஓட்டுங்க."

கொஞ்ச நேரம் பார்த்தாள். மீரிமின் கை நடுங்கவில்லை. தயங்கவும் இல்லை. நேராகப் போய், நிதானமாக, தவறான குளம்பைப் பிடித்தது.

"அக்கா, நில்லுங்க. நீங்க பிடிச்சது எந்தக் கால்?"

"இடது."

"வலது. சிவப்பாத்தானே இருக்கு."

மீரிம் திரையை உற்றுப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி அழுக்கு நிறமாத்தானே போட்டிருக்க. கோடு வேற மெலிசு. நீ எப்படிப் பாத்துச் சொல்ற?"

நூர்சாதா சம்சாவைக் கீழே வைத்தாள். விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் விளையாட்டு நின்றுபோய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"என்னோட பை என்ன கலர் அக்கா?"

"பழுப்பு."

"பச்சை அக்கா. நல்ல புல்லுப் பச்சை. உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி…"

மீரிமுக்கு அப்பா ஞாபகம் வந்தார். லாரி ஓட்ட ஆசைப்பட்டவர். கலர் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டிப் படிக்கச் சொன்ன டாக்டர், லைசென்சுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அவனுக்கு லஞ்சமாக ஒரு ஆடு வேண்டியிருந்தது, நான் கொடுக்கவில்லை, அதனால்தான் மறுத்தான் என்று அப்பா சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார். குடும்பமே சேர்ந்து திட்டியது.

"அப்ப பழைய ரிக்ல மட்டும் எப்படிச் செஞ்சேன்?" என்றாள்.

நூர்சாதா பழைய கோப்பைத் திறந்தாள். டொம்போக்கின் இடது கால்களுக்கு உருண்டை வளையம், நீலம். வலது கால்களுக்கு முக்கோணம், மஞ்சள். கோடு தடிப்பாக இருந்தது. கன்ட்ரோல்கள் காலை ஒட்டாமல் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றன. லேயரும் பக்கவாரியாகப் பிரிந்திருந்தது, இடக்கால்கள் தனி, வலக்கால்கள் தனி. பக்கவாட்டுக் காட்சியில் தூரத்துக் கால்களின் லேயரை மறைத்துவிட்டுத்தான் மீரிம் எப்போதும் வேலை செய்வாள். எல்லா ரிக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"இதப் பாத்துத்தான் அக்கா நான் அன்னிக்கே சிரிச்சேன். லேயரை யாராவது பக்கம் பக்கமாப் பிரிப்பாங்களா, அண்ணனுக்குப் பொழுது போகலையான்னு." அவள் குரல் இறங்கிவிட்டது. போலோத் செய்த மற்ற ரிக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஓநாய், கிழவன், கழுதை. எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் ஒரே வடிவம், சிவப்பும் பச்சையும்தான். முக்கோணமும் வளையமும் மீரிம் தொடுகிற டொம்போக்குக்கு மட்டும்.

"உங்ககிட்ட அண்ணன் சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு வார்த்தைகூட?"

"இல்லன்னா இல்ல!" மீரிம் கத்திவிட்டாள். அவளுக்கே அந்தச் சத்தம் யாரோ பக்கத்து அறையில் கத்தியது போலக் கேட்டது. கோபம் வந்தது. நாற்பது நாளும் அதற்குப் பிறகும் வராமலிருந்தது, இப்போது செத்தவன் மேல் வந்தது. இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லாமல் மூடிவைத்துவிட்டுப் போனால் பின்னால் வருகிறவர்கள் முன்னால் நான் முட்டாளாக நிற்க வேண்டுமா?

நூர்சாதா மெல்லக் கேட்டாள். "பழசையே திருப்பி வச்சுடட்டுமா?"

மீரிம் யோசித்தாள். "வேணாம். கலர் அவங்க சொன்னபடியே இருக்கட்டும். இடது வளையம், வலது முக்கோணம், எல்லா ரிக்லயும் போடு. கோட்டைத் தடிப்பாக்கு. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் தனித்தனி லேயர் கூடுதலா வை. அந்த வெளிநாட்டு ஸ்டூடியோவுலயும் என்னை மாதிரி யாராவது இருப்பாங்க. சொல்லத் தெரியாம."

பிறகு அவளே கெங்கேஷின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"அண்ணே, டொம்போக்கைத் தலாய்க்குக் குடுக்கமாட்டேன். என் கை நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்."

கெங்கேஷ் பேனாவைக் கீழே வைத்தான். "போலோத்துக்குத் தெரியுமா?"

"அவருக்கு மட்டும்தான் தெரியும்."

சாயங்காலம் ஓஷ் பஜார் வழியாக நடந்தாள். செர்ரிப் பருவம். ஒவ்வொரு கோடையிலும் மாமியாரின் ஏரிக்கரைத் தோட்டத்தில் போலோத் மரமேறிப் பறிப்பான், அவள் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரே ஒரு தடவை அவள் பறித்தாள். அத்தனையும் காய் என்று சாய்ராகான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு போலோத் வாளியை அவள் கையில் கொடுத்து, "நீ பிடி, எனக்கு மரம் ஏறணும்னு ஆசை," என்பான். தொப்பை போட்ட பிறகும் ஏறினான்.

ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்றாள். "ஒரு கிலோ," என்றாள்.

"அள்ளிக்கம்மா, நீயே பாத்துப் பொறுக்கிக்க," என்றாள் விற்கிறவள்.

மீரிம் குவியலைப் பார்த்தாள். கை நீளவில்லை.

"நீங்களே பொறுக்கிப் போடுங்க அக்கா. பழுத்தது எதுன்னு எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர்தான் பாத்துக் குடுப்பார்."

"அவர் வரலையா?"

"அவர் செத்துட்டார்," என்றாள் மீரிம். அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. விற்கிறவள் ஒவ்வொரு பழமாகப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தாள். மீரிம் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.