அவசரச் சீட்டு ஒட்டிய மூன்று காகிதங்கள்

யுத்த காலத்தில் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு ராணுவ சாமான் டிப்போவுக்கு டைப்பிஸ்ட் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். அதே டிப்போவில் ஆறு மாதமாக நான் தற்காலிகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன்; அந்த வேலை முந்தின நாளோடு முடிந்திருந்தது. நிரந்தர வேலை ஒன்றுதான். கேட்டு வந்தவர்கள் பதினோரு பேர். "கிடைச்சா போ, இல்லேன்னா டைப் அடிச்சது போதும், வீட்டுல இரு" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

சூப்பரின்டெண்ட் கன்னடக்காரர், பெங்களூரிலேயே வளர்ந்தவர் என்பதால் தமிழை வீட்டுமொழி போலப் பேசுவார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: மூன்று வேலை ஒன்றாக வந்தால் என்ன செய்வாய்? எனக்கு முன்னால் போனவர் அல்சூர் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் வேகத்துக்குப் பேர் வாங்கிய இளைஞர். திறந்திருந்த கதவு வழியே அவர் பதில் வராந்தா முழுக்கக் கேட்டது.

"மூணையும் முடிச்சிடுவேன் சார். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பேன்!"

என் முறை வந்ததும் நான் மறைக்காமல் உண்மையைச் சொன்னேன். "ஒரு தடவை நானும் மூணையும் ஒண்ணா முடிக்கப் பார்த்தேன் சார். அவசரத்துல கார்பன் தாளைத் திருப்பி வெச்சிட்டேன். ரெண்டு பக்கம் அடிச்சு எடுத்துப் பார்த்தா, நகல் வெள்ளையா இருக்கு. எழுத்தெல்லாம் அசல் தாளோட முதுகுல இடவலமா மாறி விழுந்திருக்கு. அதுலேர்ந்து எது எப்போ வேணும்னு முதல்ல கேட்பேன், அப்புறம்தான் அடிப்பேன்."

அவர் சிரித்தார். "சரி, கேக்கறதையும் பாப்போம்."

கடைசியில் என்னையும் அந்த இளைஞரையும் சேர்த்து மூன்று பேரை மட்டும் மெஷின் முன்னால் உட்கார வைத்தார். ஆளுக்கு மூன்று காகிதங்கள். மூன்றிலும் சிவப்பு அவசரச் சீட்டு. ஒன்று, ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் அடித்து நாற்பது பிரதி எடுக்க வேண்டிய சுற்றறிக்கை. இன்னொன்று, மெட்ராஸுக்குப் போகவேண்டிய கடிதம். மூன்றாவது, டிப்போவின் வெள்ளைக்காரத் துரைக்கு வேண்டிய சரக்கு அட்டவணை. பத்துப் பத்தி, எல்லாம் எண்கள். மணி பத்தரை. ஒரு மணி நேரம் கெடு.

அறுபது வார்த்தைக்காரர் உடனே அட்டவணையில் பாய்ந்தார். துரை பெயர் இருக்கிறதே! மற்றவரும் அவரைப் பார்த்து அதையே எடுத்தார். நான் எழுந்து நின்றேன். "தபால் பை எப்போ மூடுவாங்க சார்? சுற்றறிக்கை எப்போ வேணும்? துரைக்கு இது எப்போ வேணும்?"

"பை பதினொண்ணேகாலுக்கு. சுற்றறிக்கை பதினொண்ணரைக்கு. துரையோட மீட்டிங் நாளைக்குக் காலைல."

பக்கத்து மேஜையில் மெஷின் மழையாய்ப் பொழிந்துகொண்டிருந்தது. "கேட்டுட்டே இருங்க, நான் முடிச்சிட்டுப் போறேன்" என்று அந்த இளைஞர் கிண்டல் வேறு அடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பதறாத காரியம் சிதறாது. எழுத்தச்சு நேராக மெழுகில் பதியும்படி ரிப்பனை ஒதுக்கிவிட்டு, முதலில் ஸ்டென்சிலை அடித்தேன். ஏனென்றால் அது முடிந்தால்தான் பியூனுக்கு வேலை. பத்து ஐம்பதுக்கு அதைப் பியூனிடம் கொடுத்தேன். அவர் பிரதி எடுக்கும் ரோலரைச் சுற்றச் சுற்ற, நான் கடிதத்தை அடித்தேன். கார்பனை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். பதினொன்று பத்துக்குக் கடிதம் பையில் விழுந்தது.

மிச்சம் இருபது நிமிஷம். அந்த அட்டவணை இருபது நிமிஷத்தில் முடியாது. அரைகுறையாக அடித்தால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும். அதனால் தாளில் பென்சிலால் பத்திகளை மட்டும் வகுத்து வைத்தேன். வெறும் கட்டங்களைக் காட்டினால் தோற்றவள் என்றுதானே நினைப்பார்?

பதினொன்றரைக்கு சூப்பரின்டெண்ட் வந்தார். இளைஞரின் அட்டவணை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. ஆனால் கடிதம் பையைத் தவறவிட்டிருந்தது. ஸ்டென்சில் பாதியில் நின்றது. மற்றவருக்கு அட்டவணையே முடியவில்லை. என் மேஜையில் நாற்பது பிரதிகளும் மை வாசனையோடு அடுக்கியிருந்தன. அவர் என் பென்சில் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இது ஏன்மா காலி?"

"நாளைக்கு வேண்டியது சார். சாயங்காலம் நாலு மணிக்குள்ள தந்துடுவேன்."

"பரீட்சை முடிஞ்சு போச்சே. நாலு மணிக்கு நீ இங்க எதுக்கு இருப்பே?"

துணிந்து சொன்னேன். "வேலை குடுத்தீங்கன்னா இருப்பேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார், தாளை என் மெஷின் பக்கத்தில் வைத்தார்.

"அப்படின்னா உக்காந்து அடிம்மா."

சந்தோஷத்தில் எழுந்து குதிக்காமல் இருந்ததுதான் அன்று நான் செய்த கஷ்டமான வேலை. அட்டவணையை மூன்றரைக்கே கொடுத்துவிட்டேன்.