நீக்கியவை பகுதியில் ஒரு வரி

நிப்லாவுக்குப் பொறாமை புதிதல்ல. சின்ன வயதில் ராத்தாவுக்கு, அதாவது அக்கா நஜ்முன் நிஸாவுக்கு, வீட்டில் புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அன்று இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்துக் கிடந்தவள் அவள். அவள் ஊரான குறிஞ்சாக்கேணியில் அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது வயது முப்பத்திநாலு. தினமும் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு மாடியிலுள்ள சின்ன மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறாள். அங்கே முதன்முதல் சேர்ந்த ஆளே அவள்தான். ஆனாலும் இரண்டு வருடத்துக்கு முன் வந்த சிவரூபியைப் பார்த்தால் வயிறு எரியும். அதை அவள் தனக்குத்தானே மறைத்ததும் இல்லை.

அந்தக் கொம்பனி கப்பல் முகவர்களுக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுக்கிறது. கப்பல் வருமுன் கொடுக்கவேண்டிய பத்திரங்கள், மாலுமிகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் அதில்தான் தயாராகும். 2.4 என்ற பதிப்பு தை மாதம் போனது. 2.5 ஆடியில் தயாராகி நின்றது. ஆனால் அதைப் பாவிக்கும் ஒரு முகவர் அலுவலகத்துத் தலைமை எழுதுவினைஞர் இராசநாயகம், இடையில் என்ன மாறியது என்று எழுத்தில் தராமல் புதியதைப் போடவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"மகள், 2.4க்குப் பிறகு உள்ள கொமிற் எல்லாத்தையும் எடுத்துப் பட்டியல் போடுங்க" என்றார் முதலாளி கலீலுர் றஹ்மான். வயதில் இளைய பெண்கள் எல்லோரும் அவருக்கு மகள்தான். "சேர்த்தவை, மாற்றியவை, திருத்தியவை, நீக்கியவை. நாலு தலைப்பு. இராசநாயகம் ஐயாவுக்கு விளங்குற மாதிரி."

கொமிற் என்றால் வேறொன்றுமில்லை. எழுதிய கணினி நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் பதியும் ஒவ்வொரு முறையும், என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். அப்படி முந்நூற்றுப் பதினாறு வரிகள் கிடந்தன. சிவரூபியுடையவை வாசித்தவுடன் விளங்கின: எதை, ஏன், எந்தப் பக்கத்தில் என்று எல்லாம் இருந்தது. நிப்லாவுடையவை "fix", "fix 2", "இப்ப சரி", "இதுதான் சரி" என்று இருந்தன. தான் செய்ததை விளங்கிக்கொள்ளவே அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த வரி போய் எந்த வரி வந்தது என்று பார்க்கவேண்டியிருந்தது. மற்றவளின் ஒழுங்கு கண்ணில் குத்தியது. "எழுதிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமிருக்கு, எனக்கு வேலையெல்லோ இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

வேலையில் மட்டும் அவள் சளைத்தவள் அல்ல. நிரலை உள்ளுக்குள் ஒழுங்குபடுத்திய, சோதனைக்காக எழுதிய கொமிற்களைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டாள். மென்பொருளைப் பாவிப்பவருக்கு, அதைப் பயன்படுத்தும் ஆளுக்கு, அவை தெரியவே தெரியாது. அச்சில் கடைசி மாலுமியின் பெயர் வெட்டுப்பட்டதைச் சரிசெய்த ஏழு கொமிற்களை ஒரே வரியாக்கித் திருத்தியவையில் போட்டாள். திகதி எழுதும் முறை மாற்றியவைக்குப் போனது. ஒருவரும் தொடாத தொலைநகல் முகப்புத்தாள் நீக்கியவைக்குப் போனது.

பிறகு கடவுச்சீட்டு வேலைக்கு வந்தாள். கை நின்றது.

மாலுமியின் கடவுச்சீட்டைப் படமெடுத்தால் பெயரும் இலக்கமும் தானாகவே பட்டியலில் ஏறவேண்டும். மாசியிலிருந்து வைகாசிவரை அதற்காக உழைத்தவள் நிப்லா. முப்பத்தெட்டு கொமிற். ஒவ்வொரு நாட்டுக் கடவுச்சீட்டிலும் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடும் முறை அவளுடையது. பிலிப்பைன்ஸ்காரருக்கு வேலை செய்தது, உக்ரேன்காரருக்குச் சறுக்கியது. ஆனியில் சிவரூபி அதைக் கையிலெடுத்து, கடவுச்சீட்டின் அடியில் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும் அந்த இரண்டு வரிகளை மட்டும் வாசிக்கவைத்தாள். ஒன்பது நாளில் முடிந்தது. நிப்லாவின் முப்பத்தெட்டையும் இல்லாமலாக்கியது அவளுடைய ஒரே ஒரு கொமிற்.

நிப்லா கணக்காகவே யோசித்தாள். தன் முறை சேர்ந்ததும் போனதும் 2.4க்கும் 2.5க்கும் இடையில். அது பாவிப்பவர் கைக்குப் போகவேயில்லை. அப்படியானால் எந்தத் தலைப்பிலும் அதற்கு இடமில்லை. சேர்த்தவையில் ஒரே வரி வரும்: கடவுச்சீட்டுப் படத்திலிருந்து மாலுமி விபரம் ஏறும். அது சிவரூபியின் வரி. தன் நாலு மாத உழைப்பு விழலுக்கு இறைத்த நீராகப் போகும்.

இது சரி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே, நீக்கியவையின் கீழ் எழுதினாள்: "கடவுச்சீட்டு வாசிக்கும் பழைய முறை நீக்கப்பட்டது." சிவரூபியின் வேலையைச் சேர்த்தவையிலிருந்து தூக்கி மாற்றியவையில் வைத்தாள்: "கடவுச்சீட்டு வாசிக்கும் முறை மாற்றப்பட்டது." இப்போது அவளுடைய வேலையும் பட்டியலில் இருந்தது, சிவரூபியுடையது வெறும் மாற்றமாகவும் ஆனது. சிவரூபி இரண்டு நாள் லீவு. கலீலுர் றஹ்மான் மேலோட்டமாகப் பார்த்து "நல்லம்" என்றார். பட்டியல் போய்விட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் இராசநாயகத்தின் கண்ணுக்கா தப்பும்? அச்செடுத்து வரி வரியாகக் கோடு போட்டு வாசிக்கிறவர் அவர். அடுத்த நாள் காலையில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தம்பி, பாஸ்போட் வாசிக்கிற பழைய முறையை நீக்கினதாம், புது முறைக்கு மாத்தினதாம். எங்களிட்ட பழசுமில்லை புதுசுமில்லை. நான் ஆறு வருசமா மாலுமியளின்ர பேரைக் கையால அடிக்கிறன். அப்ப அந்தப் பழசை ஆருக்குக் குடுத்தனீங்கள்? எதிர்ப்பக்கத்து முகவருக்கோ? உண்மையைச் சொல்லுங்கோ!"

அவருக்கும் அடி வயிறு எரிகிறது என்பது குரலிலேயே தெரிந்தது. கலீலுர் றஹ்மான் அவரை ஒருவாறு சமாதானப்படுத்தி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நிப்லா, 2.4ல இது இருந்ததா?"

"இல்ல சேர்."

"அப்ப ஏன் இப்பிடிப் போட்டீங்க?"

அன்றுதான் லீவு முடிந்து வந்திருந்த சிவரூபி தன் கதிரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நிப்லா அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். பொய் சொல்ல ஏலாது, நாள் நேரத்தோடு எல்லாம் களஞ்சியத்தில் கிடக்கிறதே.

"என்ட நாலு மாச வேல ஒரு இடத்திலயும் வரல்ல சேர். அதான்."

முதலாளி பட்டியலை அவள் மேசையில் வைத்தார். "பட்டியல் பாவிக்கிற ஆளுக்கு மகள். நமக்கில்ல. உடன திருத்தி அனுப்புங்க."

அவள் இரண்டு வரிகளையும் அழித்தாள். சேர்த்தவையின் முதல் வரியாகச் சிவரூபியின் வேலையைத் தன் கையாலேயே எழுதினாள். அனுப்பினாள்.

மத்தியானம் அவளுடைய சொந்தக் கைத்தொலைபேசிக்கே இராசநாயகம் அழைப்பு எடுத்தார். எப்போதும் அவளோடுதான் அவருக்குக் கதை. கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பிள்ளை, இப்ப விளங்குது. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, எங்களுக்குத்தான் முதல். அந்தப் பாஸ்போட் வேலை இருக்குதே, நீர் கெட்டிக்காரி பிள்ளை!"

நாலு மாதமாக ஏங்கிய வார்த்தை. வந்தது, பிழையான வேலைக்கு வந்தது. பக்கத்து மேசையில் சிவரூபியின் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோனது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"அது நான் செய்யல்ல ஐயா. சிவரூபி செய்தது."

"சிவரூபியோ? ஆர் அது?"

அந்தக் கேள்வி நிப்லாவின் வயிற்றில் குளிர்ந்த மோர் போல இறங்கியது. இறங்கியதை உணர்ந்தபோது வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் சிவரூபி காதில் விழாதவள் போல மறுபடி தட்டத் தொடங்கியிருந்தாள். அவளுடைய திரையில் ஓர் எழுத்தும் ஏறவில்லை.